தரையில் வைத்த டீ
வீட்டுக்குள் விபத்து: 9

தீக்காயம் என்றதும் அடுப்பு, சிலிண்டர், பட்டாசு என்றுதான் மனம் போகிறது. நடக்கப் பழகும் குழந்தையைப் பொறுத்தவரை இந்தப் பட்டியல் தவறு. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தை பெரும்பாலும் நெருப்பால் சுடுபடுவதில்லை. சூடான நீர்மத்தால் சுடுபடுகிறது. அதிலும் டீ, காபி, காய்ச்சிய பால் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே தனிப் பிரசாரங்கள் நடக்கின்றன. அங்கே டீ மேஜை விளிம்பிலிருந்து விழுகிறது. நம் ஊரில் பல வீடுகளில் அது தரையிலேயே, குழந்தையின் கைக்கு நேராக இருக்கிறது. இப்படி நடந்தபின் ‘கவனக்குறைவு’ என்று ஒரே வார்த்தையில் தாயின் மேலோ பாட்டியின் மேலோ பழி போட்டு முடித்துவிடுகிறோம். குற்றம் கவனத்தில் இல்லை, டீயைப் பரிமாறும் முறையில் இருக்கிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

ஒடுகத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர். கம்பெனி பஸ் வரும் நேரம். சமையல், டிபன் டப்பா, தலைசீவல் எல்லாம் ஒன்றாக நடக்கின்றன. பாட்டி பாய்மேல் உட்கார்ந்திருக்க, மடியருகே பதினான்கு மாதக் குழந்தை. ஸ்டீல் டம்ளர் நிறைய டீ வருகிறது. கையில் பிடிக்க முடியாத சூடு, அதனால் பாட்டி அதைப் பக்கத்தில் தரையில் வைக்கிறார். இதில் யாரும் அலட்சியமாக இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறார். குழந்தை எழுந்து நிற்க ஒரு பிடிமானம் தேடுகிறது, அல்லது பளபளப்பைப் பார்த்துக் கை நீட்டுகிறது. டம்ளரைத் தன் பக்கமாகத்தான் இழுக்கும், அது உயரத்தில் இருந்தால் முகத்தை நிமிர்த்திக்கொண்டுதான் இழுக்கும். அதனால்தான் அப்படி இழுத்துக் கொட்டும் காயம் பெரும்பாலும் ஒரே இடங்களில் வருகிறது: தாடை, கழுத்து, மார்பு, தோள், மேல்கை. தாடைக்கு அடியிலுள்ள மடிப்பில் டீ தேங்குகிறது. சட்டை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் ஓர் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடல்பரப்பில் சுமார் ஒரு சதவீதம். பத்து உள்ளங்கை அளவுக்குச் சுடுபட்டால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றும் நிலை வந்துவிடும். பத்துக் கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு டம்ளர் டீ அந்த எல்லைக்கு அருகே கொண்டுபோய்விடக்கூடியது.

“அவ்வளவு சூடாகவா குடிக்கிறோம்?” என்று கேட்கலாம். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எவ்வளவு சூடு எவ்வளவு நேரத்தில் தோலைப் பொசுக்கும் என்று அளந்தார்கள். இன்றும் அந்தக் கணக்குதான் அடிப்படை. 49 டிகிரி நீர் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்கப் பல நிமிடங்கள் ஆகும். 60 டிகிரிக்கு ஐந்து விநாடி போதும். 70 டிகிரிக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் இந்த நேரங்கள் இன்னும் சுருங்கும். நாம் உறிஞ்சத் தொடங்கும் டீ பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நம் வாய் வேகாததற்குக் காரணம், ஊதி, காற்றோடு சேர்த்து, ஒரு மிடறு மட்டும் எடுப்பதுதான். அதே டீ முழுவதுமாக நெஞ்சில் கொட்டிச் சட்டையில் தங்கும்போது கதை வேறு. ஆக, ‘குடிக்கிற பதம்’ என்பது குழந்தைக்குப் பாதுகாப்பான பதம் அல்ல. பால் இன்னும் மோசம். டம்ளர் டீ பத்து, பதினைந்து நிமிடத்தில் ஓரளவு ஆறும். ஒரு லிட்டர் பால் காய்ச்சிய குண்டான் அரை மணி கழித்தும் வேகவைக்கும் சூட்டில் இருக்கும். மேலே ஏடு படிந்து ஆவி அடங்கியிருப்பதால் ஆறிவிட்டது போலத் தோன்றும்.

“கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. போதாது. ஓரடி உயரத்திலிருந்து கொட்டும் டீ கால் விநாடியில் கீழே வந்துவிடும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை நகரத் தொடங்கவே அவ்வளவு நேரம் ஆகிறது. எனவே பக்கத்திலேயே இருப்பவரும் பார்க்கத்தான் முடியும், தடுக்க முடியாது. போதாக்குறைக்கு இந்த வயதில் குழந்தையின் எட்டும் தூரம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. நேற்று எட்டாத இடம் இன்று எட்டும் என்பதைப் பெற்றோர் அது நடந்த பிறகுதான் அறிகிறார்கள்.

சில வீடுகளில் வேறொரு வழி உண்டு. சூடான டம்ளரைக் குழந்தையின் விரலில் லேசாகத் தொடவைத்து, “ஸ்ஸ்... சுடும்!” என்று பயம் காட்டுவது. இது வேலை செய்யாததற்குக் காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. தண்ணீரும் மோரும் ஆறின பாலும் கொதிக்கிற டீயும் நம் வீட்டில் ஒரே ஸ்டீல் டம்ளரில்தான் வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. காலையில் தனக்குப் பால் ஊட்டிய அதே டம்ளரைப் பார்த்து, இது சுடும், அது சுடாது என்று ஒரு வயதுக் குழந்தை பிரித்தறிய வழியில்லை.

ஸ்டீல் டம்ளரையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். வாய்ப்பக்கம் வெளியே மடிந்த விளிம்பு இருக்கிறது. டம்ளரின் உடல் சுடுவதால் அந்த விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்குகிறோம். அதாவது, டீ எப்போது மிகவும் ஆபத்தானதோ அப்போதுதான் நம் பிடியும் மிகவும் தளர்ந்திருக்கிறது. யாராவது லேசாக இடித்தாலே கவிழும். ஆனால் இதே ஸ்டீல் ஒரு நல்ல அளவுகோலும் ஆகும். உள்ளே இருக்கும் சூட்டை அது மறைக்காது. டம்ளரை உள்ளங்கை முழுவதும் பதியப் பிடித்து, பத்து எண்ணும்வரை சங்கடமின்றி வைத்திருக்க முடிந்தால் டீ ஏறக்குறைய 50 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டது எனலாம். விளிம்பைத்தான் பிடிக்க முடிகிறது என்றால், அந்த டம்ளர் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. பீங்கான், கண்ணாடி, இரட்டைச் சுவர் டம்ளர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

“எங்கள் வீட்டில் மேஜையே இல்லை, தரையில்தான் உட்காருவோம்” என்பது நியாயமான மறுப்பு. மேஜை தேவையில்லை, அது தீர்வும் அல்ல. விரிப்பைப் பிடித்து இழுத்தால் மேலே இருப்பது எல்லாம் வரும். ஒன்றரை வயதுக் குழந்தை சுமார் 80 செ.மீ. உயரம். கையைத் தூக்கினால் ஒரு மீட்டரை நெருங்கும். அதற்கு மேலே, விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, பக்கத்தில் ஏற ஸ்டூல் இல்லாத ஓர் இடம் போதும். ஸ்லாப், அலமாரி என எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி அதை ‘டீ வைக்கும் இடம்’ என்று ஒதுக்கிவிடுங்கள். பாட்டி தரையில் உட்கார்ந்தே குடிக்கட்டும். ஆனால் டம்ளர் கைக்கு வருமுன் குழந்தை வேறொருவர் கைக்கோ தொட்டிலுக்கோ போயிருக்க வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் குழந்தை தூங்கிய பிறகுதான் டீ. ஒரு கையில் குழந்தை, மறுகையில் டீ என்பது எந்த அவசரத்திலும் வேண்டாம். விருந்தாளிக்குத் தட்டில் கொண்டுவருகிறவர் சமையலறை வாசலில் நின்று, “பாப்பா எங்கே?” என்று கேட்டு, பதில் வந்தபின் அடியெடுத்து வைக்கட்டும்.

“ஆறின டீயைக் குடிக்கச் சொல்கிறீர்களா?” என்று டீப் பிரியர்கள் கோபிக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. டீயை ஃபிளாஸ்கில் ஊற்றி மேலே வைத்துவிட்டு, அரை அரை டம்ளராக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மிடறுவரை சூடு இருக்கும், கவிழ்ந்தாலும் கொட்டுவது பாதி. அல்லது டபராவில் நாலைந்து முறை தூக்கி ஆற்றுங்கள். அதைச் சமையலறைக்குள்ளேயே செய்துமுடித்துக் கொண்டுவர வேண்டும், குழந்தையின் தலைக்கு மேலே அல்ல. மூடியுள்ள மக் வாங்கினால் திருகு மூடியாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கொட்டினால் அது நமக்கு உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஆக, சற்று ஆற்றிக் குடிப்பது குடிப்பவருக்கும் நல்லதே. குழந்தைக்கான பாலை மேடைமேல் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

இத்தனையும் மீறிக் கொட்டிவிட்டால்? முதலில் சட்டை, டயாபர், வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியதை மட்டும் பிய்க்க வேண்டாம். பிறகு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2,495 குழந்தைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், இந்த இருபது நிமிடம் கிடைத்த குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவைசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்தது. மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. குழாய் இல்லாவிட்டால் சொம்பால் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கோடையில் நம் பக்கத்து மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். குடத்திலோ தரைத் தொட்டியிலோ உள்ள தண்ணீரை எடுங்கள். உடம்பின் மற்ற பகுதிகளைத் துணியால் போர்த்திக் குளிராமல் காக்க வேண்டும். ஐஸ், பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பூசுபவை சூட்டை உள்ளே பூட்டும், கிருமியைச் சேர்க்கும், மருத்துவரின் பார்வைக்குக் காயத்தை மறைக்கும். தண்ணீர் ஊற்றும்போதே ஒருவர் 108க்கு அழைக்கட்டும். ஒடுகத்தூரிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போய்ச் சேர நேரம் ஆகும் என்பதால் வீட்டில் செய்யும் முதலுதவியே பாதி வைத்தியம். முகம், கழுத்து, கை, பிறப்புறுப்பு சுடுபட்டாலும், கொப்புளம் கண்டாலும், தோல் வெளுத்து வலி குறைந்தது போலிருந்தாலும் கட்டாயம் மருத்துவமனை. வலி குறைவது நல்ல அறிகுறி அல்ல, காயம் ஆழமானதைக் காட்டுவது. சிறு காயமே ஆனாலும் அடுத்த சில நாட்களில் காய்ச்சல், வாந்தி, உடல் தடிப்பு, சோர்வு தெரிந்தால் அன்றே திரும்பக் காட்டுங்கள்.

குழந்தையை மாற்ற முடியாது, நம் கண்ணின் வேகத்தையும் மாற்ற முடியாது. டம்ளர் இருக்கும் இடத்தை மாற்ற முடியும், அதற்குச் செலவும் இல்லை. இன்று மாலை டீ போடுவதற்கு முன், ஒரு மீட்டருக்கு மேலே அந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

(தொடரும்)