தோளில் பதியும் கை

ஒரு புகைப்படத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கும், ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பக்கத்தில் நிற்பவர்களை வெட்டி ஒட்டிவிடலாம். தொட்டு நிற்பவர்களை அப்படி ஒட்ட முடியாது. ஏனென்றால் தொடுகை இரு தரப்பிலும் மாற்றத்தை உண்டாக்குகிறது: கை தோளின் ஒரு பகுதியை மறைக்கிறது, துணி அந்தக் கைக்கு அடியில் அமுங்குகிறது, இரண்டுக்கும் இடையே வெளிச்சம் நுழையாமல் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கண் அதைத் தொடுகை என்று ஏற்கிறது.

வெவ்வேறு படங்களில் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்க்கும் வழக்கம் புகைப்படத்தின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு பெண்ணையும் அவளைச் சுற்றியிருக்கும் குடும்பத்தாரையும் ஒரே படமாக அச்சிட்டார். இன்று தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் இது பழகிப்போன வேலை. காலமான அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தரும்படி கேட்டுக் குடும்பங்கள் வருகின்றன. அப்பா பின்னால் நின்றால் மட்டும் போதாது, மகளின் தோளில் அவர் கை இருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அந்த ஒரு கையைப் பொருத்தும் வேலையை எடுத்துக்கொண்டால் தொடுகையின் நுட்பம் முழுவதும் விளங்கிவிடும்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

மணப்பெண் சிவப்புப் பட்டுப்புடவையில் கேமராவைப் பார்த்து நிற்கிறாள். முந்தானை மடிப்பெடுத்து இடது தோளில் குத்தப்பட்டிருக்கிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரம் அதே தோளின் முன்பக்கம் தொங்குகிறது. அப்பா அவளுக்குப் பின்னால், சற்று இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். அவருடைய இடது கை அவளுடைய இடது தோளில் இருக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது கட்டைவிரல் முதுகுப் பக்கம் மறைந்துவிடும். முன்னால் தெரிவது நான்கு விரல்களும் புறங்கையின் ஒரு பகுதியும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். கல்யாணப் படத்தில் ஒளி படத்தின் இடப்பக்கத்திலிருந்து மென்மையாக வருகிறது என்றால், அப்பாவின் பழைய படத்திலும் அதே பக்கத்திலிருந்து, அதே மென்மையோடு வந்திருக்க வேண்டும். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்து எடுத்த படத்தில் முகம் தட்டையாகவும், பின்சுவர் நிழல் கூர்மையாகவும் இருக்கும். பிறகு செய்யும் எந்தத் திருத்தமும் அதை முழுமையாகச் சரிசெய்யாது. ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பலாம். ஆனால் சட்டைப்பை வலப்பக்கம் போய்விடும், தலைவகிடு மாறிவிடும். மகளின் உடல் சட்டைப்பையை மறைத்தாலும் வகிட்டையும் முகத்து மச்சத்தையும் குடும்பத்தார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கை. பழைய படங்களில் அப்பாவின் கைகள் பெரும்பாலும் தொங்கிக்கொண்டோ கட்டியபடியோ இருக்கும். தொங்கும் கையை வெட்டித் திருப்பித் தோளில் வைத்தால் விரல்கள் விறைப்பாக, எதையும் பிடிக்காமல் மிதக்கும். தேர்ந்த ஓவியர்களும் ஸ்டுடியோக்காரர்களும் இந்த இடத்தில் வேறொரு கையைப் படமெடுக்கிறார்கள். அப்பாவின் உடல்வாகும் வயதும் நிறமும் ஒத்த தம்பியோ உறவினரோ, பட்டுத்துணி போர்த்திய ஒருவரின் தோளில் உண்மையாகவே கை வைக்கிறார். கேமரா கல்யாணப் படத்தில் இருந்த அதே உயரத்தில், ஏறத்தாழ அதே தூரத்தில் இருக்கிறது. ஒளியும் அதே பக்கத்திலிருந்து விழுகிறது. பிடித்த விரல்களின் வளைவு, அழுத்தத்தில் வெளுக்கும் நகம், கைக்கு அடியில் விழும் நிழல் ஆகிய மூன்றும் இதில் அசலாகக் கிடைத்துவிடுகின்றன. அந்த நிழலைப் பார்த்துத்தான் பிறகு திரையில் நிழல் வரைய வேண்டும்.

அளவுக்கு ஓவியர்களின் பழைய கணக்கு உதவும்: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள நீளம், மோவாயிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்துக்கு ஏறத்தாழச் சமம். கையை அப்பாவின் முகத்தோடு ஒப்பிட்டுப் பொருத்த வேண்டும், மகளின் முகத்தோடு அல்ல. கை தோளுக்கு முன்பக்கம் வருவதால் அவருடைய முகத்தைவிடக் கேமராவுக்குக் கொஞ்சம் அருகில் இருக்கும். எனவே இம்மி பெரிதாக இருந்தாலும் தவறில்லை. சிறிதாக இருந்தால்தான் உறுத்தும்.

எது முன்னால், எது பின்னால்

போட்டோஷாப் போன்ற மென்பொருளில் படம் அடுக்கடுக்கான லேயர்களாக இருக்கிறது. அப்பாவை ஒரே லேயராக மகளுக்குப் பின்னால் வைத்தால் கை மறைந்துவிடும். முன்னால் வைத்தால் உடல் முழுவதும் முன்னால் வந்துவிடும். ஆகவே அவரைப் பிரிக்க வேண்டும். அடியில் அப்பாவின் உடல், அதற்கு மேல் மகள், அதற்கும் மேல் அப்பாவின் விரல்கள். விரல்கள் தோளின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் போகும் இடத்தில் மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும்.

இந்த மூன்று அடுக்கோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. மல்லிகைச் சரம் தோளின் மேல் தொங்குகிறது அல்லவா? கை பின்னாலிருந்து வரும்போது சரத்துக்கு அடியில் நுழையும். எனவே சரத்தை மட்டும் மகளின் படத்திலிருந்து இன்னொரு முறை நகலெடுத்து, விரல்களுக்கு மேல் நான்காவது லேயராக வைக்க வேண்டும். ஒரு விரலின் மேல் இரண்டு மூன்று மொட்டுகள் படிந்து, அவற்றின் சிறு நிழல் தோலில் விழுந்தால், அந்தக் கை படத்துக்குள் பின்னப்பட்டுவிடுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிக் கோர்க்கும்போது, ஒட்டு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

விளிம்புகளிலும் இதே கவனம் வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒட்டு தெரியும். அதிகம் மங்கினால் கை புகையாகத் தெரியும். அதே படத்தில் மகளின் மூக்கு விளிம்பும் காது விளிம்பும் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றனவோ, விரலின் விளிம்பும் அவ்வளவு கூர்மையாக இருப்பதே அளவுகோல்.

துணி அமுங்குதல்

கைக்கு எடை உண்டு. பட்டு விறைப்பான துணி. விரல் படும் இடத்தில் அமுங்கி, பக்கத்தில் மேடாக எழும்பும். மடிப்பெடுத்த முந்தானையில் இது தெளிவாகத் தெரியும். மடிப்புக் கோடுகள் தோளிலிருந்து நேராக இறங்குகின்றன. விரல் அழுத்தும் இடத்தில் அவை சற்றே நெருங்கி வளைய வேண்டும். லிக்விஃபை என்ற கருவியால் அந்தக் கோடுகளை விரலை நோக்கி மெல்ல இழுக்கலாம். ஒரு விரலின் அகலத்தில் கால் பங்கு இழுத்தாலே போதும். அதைத் தாண்டினால் ஜரிகைக் கரை நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கரை நேராக நிற்க வேண்டிய இடத்தைப் பாதுகாத்து வைத்துவிட்டு, உடல் பகுதியை மட்டும் நகர்த்துவது நல்லது.

மூன்று நிழல்கள்

தொட்டு நிற்கும் தோற்றத்தைத் தருவதில் நிழலுக்கே முதலிடம். அறைக்குள் ஒளி ஒரு விளக்கிலிருந்து மட்டும் வருவதில்லை. சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. இரண்டு பொருள்கள் நெருங்க நெருங்க இடையிலுள்ள சந்துக்குள் அந்த ஒளி நுழையும் வழி குறைகிறது. இரண்டும் தொடும் கோட்டில் ஒளி ஏறக்குறைய இல்லை. அதனால்தான் விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கருமை இருந்தே தீரும். கணினி வரைகலையில் இதற்கு ஆம்பியன்ட் அக்லூஷன் என்று பெயர்.

இதை மூன்று தனித்தனி லேயர்களாக வரைவது வழக்கம். மகளின் லேயருக்கு மேல், விரல்களுக்குக் கீழ், மூன்றும் மல்டிப்ளை முறையில் இருக்க வேண்டும். மல்டிப்ளை கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும், ஆனால் நெசவையும் ஜரிகையையும் அழிக்காது. மகளின் உருவத்தோடு கிளிப்பிங் மாஸ்க் செய்துவிட்டால் நிழல் தோளைத் தாண்டிக் காற்றில் விழாது.

படத்தில் ஒரு விரல் 50 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிழல், விரலும் துணியும் சந்திக்கும் கோட்டில் 3 அல்லது 4 பிக்சல் அகலத்தில், ஏறக்குறைய மங்கலே இல்லாமல், 70 சதவீத அடர்த்தியில் இருக்கும். இரண்டாவது, விரலைச் சுற்றி அரை விரல் அகலத்துக்குப் பரவி, விளிம்பில் நன்றாக மங்கி, 35 சதவீத அளவில் இருக்கும். மூன்றாவதுதான் விளக்கின் நிழல்: ஒளி இடப்பக்கத்திலிருந்து வருவதால் இது வலப்பக்கம் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, 20 சதவீதத்தில் விழும். இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டுமே. முடிவான அடர்த்தியை, அதே படத்தில் உண்மையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கழுத்தில் பதிந்த சங்கிலியும் கையில் பதிந்த வளையலும் அதற்கு நல்ல அடையாளங்கள்.

நிழல் சீராக இருக்கக் கூடாது. விரல் நுனி அழுத்தும் இடத்தில் அது இறுகி மெலியும். விரல் மூட்டு சற்று தூக்கி நிற்கும் இடத்தில் அகன்று வெளிறும். கை முழுவதையும் சுற்றி ஒரே அகலத்தில் நிழல் போட்டால் கை ஸ்டிக்கர் ஆகிவிடும். மடிப்புகளின் மேல் விழும்போது நிழலின் விளிம்பும் மடிப்போடு ஏறி இறங்க வேண்டும்.

நிறமும் முக்கியம். சுத்தக் கறுப்பில் வரைந்த நிழல் அழுக்குப்போல் தெரியும். அந்தப் புடவையின் ஆழமான மடிப்புக்குள் உள்ள அடர் அரக்கு நிறத்தையே எடுத்து வரைவது சரி. சிவப்புப் பட்டில் பட்ட ஒளி திரும்பி விரல்களின் அடிப்பக்கத்தில் விழும். அங்கே இலேசான சிவப்பு ஏற வேண்டும். மகளின் தோளுக்குப் பின்னால் அப்பாவின் வெள்ளைச் சட்டை தொடங்கும் விளிம்பிலும் இதே செந்நிறமும் ஒரு மென்நிழலும் வேண்டும். விரலில் மட்டும் நிழல் போட்டு, உடலும் உடலும் நெருங்கும் இந்த இடத்தை மறந்துவிட்டால், கை தொடுகிறது, ஆனால் ஆள் தொலைவில் நிற்கிறார்.

சரிபார்த்தல்

வேலை முடிந்ததும் மேலே ஒரு தற்காலிக கர்வ்ஸ் லேயர் வைத்து இருண்ட பகுதிகளை மிகையாக வெளிச்சமாக்கிப் பார்க்க வேண்டும். அப்பாவின் கறுப்பு முடியும் மகளின் கறுப்பு முடியும் ஒரே அளவில் வெளிறினால் இரண்டு படங்களும் பொருந்துகின்றன. ஒன்று சாம்பலாகவும் மற்றது கறுப்பாகவும் இருந்தால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் நிறத்தின் மயக்கம் இல்லாமல் நிழலின் அடர்த்தி தெரியும். 200 சதவீதம் பெரிதாக்கினால், பழைய படத்தின் மணல்போன்ற துகளும் புதிய படத்தின் வழவழப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியும். விரலுக்கும் துணிக்கும் இடையே மயிரிழை அளவு வெளிச்சக் கோடு தெரிந்தால் கை மிதக்கிறது என்று பொருள். முதல் நிழலை நகர்த்தி அதை மூட வேண்டும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. தோளில் கை, கைகோர்த்தல், அருகருகே உரசி நிற்பது ஆகியவற்றை நம்பும்படி செய்துவிடலாம். இருவரும் இறுகக் கட்டிப்பிடிக்கும் காட்சியில் கன்னம் அமுங்குகிறது, முதுகில் துணி முழுவதும் இழுபடுகிறது, கூந்தல் கலைகிறது. தொடும் பரப்பு பெரிதாகும்போது வரைந்து தீர்க்க வேண்டிய மாற்றங்கள் கட்டுக்கடங்காமல் போகின்றன. அங்கே மாற்று ஆட்களை உண்மையாகவே கட்டிப்பிடிக்கவைத்துப் படமெடுத்து, முகங்களை மட்டும் மாற்றுவதே நடைமுறை. அதுவும் முடியாதபோது, தோளில் கை வைத்த படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்ல ஸ்டுடியோ குடும்பத்துக்குச் சொல்லும் நேர்மையான பதில்.