கடிகாரம் தவறினால் கதவு திறக்காது

அக்கா மகன் விடுதியிலிருந்து போன் செய்தான். "மாமா, நெட் நல்லாத்தான் இருக்கு. போன்ல எல்லாம் வருது. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது." ஒரு வருடத்துக்கும் மேலாகச் சும்மா கிடந்த டெஸ்க்டாப் அது. பென்டிரைவில் உபுண்டு போட்டு நிறுவிக்கொண்டிருந்தான். திரையில் வந்திருந்த வரியைப் படமெடுத்து அனுப்பினான்:

```
curl: (60) SSL certificate problem: certificate is not yet valid
```

அந்த வரியில் "not yet" என்ற இரண்டு சொற்கள்தான் துப்பு. "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிறது கணினி. காலாவதியான சான்றிதழ் என்றால் தளத்தின் மேல் சந்தேகப்படலாம். இனிமேல்தான் பிறக்கப்போகிற சான்றிதழ் என்றால், சந்தேகம் நம் கடிகாரத்தின் மேல்தான் வரவேண்டும்.

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் நம் கணினியிடம் ஒரு சான்றிதழை நீட்டும். அதில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் இருக்கும். ஒரு தளத்தின் சான்றிதழ் 2025 அக்டோபர் 20 முதல் 2026 ஜனவரி 18 வரை, அதாவது தொண்ணூறு நாள் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ்கள் பலவற்றுக்கு இவ்வளவுதான் ஆயுள். கணினியோ இன்று 2024 ஏப்ரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கில் இந்தச் சான்றிதழ் இன்னும் ஒன்றரை வருடம் கழித்து வரவேண்டியது. எனவே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

கடிகாரம் ஏன் தவறியது? மதர்போர்டில் காசு போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும். பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032. சுவர் சுவிட்சை அணைத்த பிறகும் நேரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய ஏதோ ஒரு வருடத்துக்கு ஓடிவிடும். பையனின் பயாஸ் திரையில் 2010 ஜனவரி 1 என்று இருந்தது.

அப்படியானால் உபுண்டுவில் 2024 எப்படி வந்தது? நேரம் தான் உருவான நாளுக்கும் முந்தியதாக இருந்தால், அது நடக்க முடியாதது என்று லினக்ஸின் சிஸ்டம்டி புரிந்துகொண்டு, கடிகாரத்தைத் தான் உருவான நாள் வரை தள்ளிவைக்கும். உதவி செய்வதாக நினைத்து ஆளை ஏமாற்றும் இடம் இது. மேல்பட்டையில் மாதமும் நாளும்தான் தெரியும், வருடம் தெரியாது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. டெர்மினலில் `date` என்று அடித்தால்தான் வருடம் வெளியே வரும்.

சாதாரணமாக, இணையம் கிடைத்ததும் கணினி நேரச் சேவையகத்தைக் கேட்டுத் தானே திருத்திக்கொள்ளும். அந்தக் கேள்வி யுடிபி 123 என்ற வாசல் வழியாகப் போகிறது. சில விடுதி, அலுவலக இணைப்புகளில் அந்த வாசல் அடைத்திருக்கும். அங்கே கையால்தான் மாற்ற வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து, உலகப் பொது நேரத்தில் கொடுக்கலாம். காலை 10.30 என்றால்:

```
sudo date -u -s "2025-11-12 05:00:00"
```

நொடி துல்லியம் தேவையில்லை. ஓரிரு நிமிடம் முன்பின் இருந்தாலும் போதும். பையன் இதை அடித்துவிட்டு மறுபடி முயன்றான். கோப்பு இறங்கியது. பிறகு பயாஸிலும் தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றச் சொன்னேன்.

சில மணி நேரப் பிழை இதைவிடக் குழப்பும். இரவில் நிறுத்திவைத்த மெய்நிகர் கணினியைக் காலையில் எழுப்பினால் சில சமயம் அதன் கடிகாரம் முந்தின இரவிலேயே நிற்கும். சான்றிதழ்கள் பல நாள் பழையவை என்பதால் தளங்கள் திறக்கும். ஆனால் `apt update` மட்டும் மறுக்கும். மென்பொருள் பட்டியல் அன்று காலைதான் கையொப்பமாகியிருக்கும் அல்லவா? அப்போது `is not valid yet (invalid for another 5h 12min 3s)` என்பதுபோல் ஒரு வரி வரும். கடிகாரம் குறைந்தது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அடைப்புக்குள் அதுவே சொல்லிவிடுகிறது.

அவசரத்தில் பலர் `curl -k` என்று போட்டுச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். கோப்பு இறங்கும்; ஆனால் அதை அனுப்பியவர் யார் என்பதைக் கணினி பார்ப்பதில்லை. நடுவில் யாராவது மாற்றிக் கொடுத்திருந்தாலும் தெரியாது. நிறுவப்போகும் மென்பொருளில் அப்படி ஒரு துணிச்சல் வேண்டாம். சான்றிதழ் பிழை வந்தால் முதலில் `date` அடித்து, வருடத்தைப் பாருங்கள்.