ஸ்லைடின் கடைசி வரி

ஸ்லைடுகளைச் சுருக்கும்போது, எதற்கு அதிக இடம் தரப்பட்டிருக்கிறதோ அதையே முதன்மையாக எடுப்பது வழக்கம். ஆனால் வரைபடமும் பின்னணி விளக்கமும் இயல்பாகவே இடத்தை அடைத்துக்கொள்ளும். முடிவையே மாற்றும் எச்சரிக்கை ஒரு வரியில் அடங்கிவிடும்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. சேதத்தை மதிப்பிட்ட போயிங் பொறியாளர்களின் ஸ்லைடு ஒன்றில், தலைப்பு ஆறுதல் தரும் தொனியில் இருந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதோ ஏறத்தாழ 1,920 கன அங்குலம் என்ற தகவல் அடியில் கிடந்தது. 640 மடங்கு வேறுபாடு! சோதனை முடிவுகள் இந்த மோதலுக்குப் பொருந்தும் என்று நம்பவே இடமில்லை. அந்த ஸ்லைடை அதன் அளவுப்படியே சுருக்கினால் ஆறுதல் மட்டும் மிஞ்சும். பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறி எழுவரும் இறந்தனர்.

ஒரு வரியை நீக்கினால் படிப்பவரின் முடிவு மாறுமா என்பதே சரியான சோதனை. மாறுமானால் அவ்வரி சுருக்கத்தின் முதலில் வரவேண்டும். மூலத்தில் அது எங்கே, எவ்வளவு சிறிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆசிரியர் எதை வலியுறுத்தினார் என்பதே கேள்வியாக இருந்தால் மட்டும் மூலத்தின் அளவைப் பின்பற்றலாம்.