வேண்டாம் என்பதை வேளையில் சொல்வோம்

அண்மையில் ஒரு திங்கள்கிழமை மாலை, என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால், வேறொரு நிறுவனத்தின் மூன்றாம் சுற்று நேர்காணல் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு இருந்தது. அதனை ஏற்பாடு செய்தவர் ஒரு தனியார் ஆள்சேர்ப்பு ஆலோசகர். 'போகாமல் இருந்துவிடவா, காய்ச்சல் என்று சொல்லிவிடவா, சார்?' என்பதுதான் அவரது கேள்வி.

'கையில் கடிதம் இருக்கிறதா?' என்று கேட்டேன். தொலைபேசியில்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்படியானால் இன்று யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன். சம்பளம், பணியில் சேரும் நாள், நிபந்தனைகள் ஆகியவை அடங்கிய பணிவாய்ப்புக் கடிதம் வந்து, அதனை ஏற்றுக் கையொப்பமிடும் வரை வாய்மொழி வாக்குறுதி வெறும் நம்பிக்கைதான். அதை நம்பி இன்னொரு கதவை மூடுவது விவேகமல்ல. செவ்வாய்க்கிழமை மாலை கடிதம் வந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இந்த அவசரம் ஏன் என்பதற்கு, ஆலோசகரின் வருமானம் எப்படி வருகிறது என்பதை அறிய வேண்டும். நம் நாட்டில் இவர்களுக்குக் கட்டணம் தருவது பெரும்பாலும் நிறுவனமே. தேர்வானவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் என்பது பரவலான வழக்கம். அதுவும் அவர் பணியில் சேர்ந்த பிறகே கிடைக்கும். ஆகவே, நாம் விலகுவதால் ஆலோசகருக்கு அந்த வருமானம் போகிறது. அது தொழிலில் இயல்பு, அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால், சொல்லாமல் வராமல் இருந்தால் நிறுவனத்திடம் அவரது சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகிறது. அதைத்தான் அவர் மறப்பதில்லை.

கேல், ஷாப்லி என்ற இருவர் 1962-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இருதரப்பும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கும் சந்தைகளை ஆராய்ந்தது. பின்னாளில் ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் 2012-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கட்டுரை காட்டும் வழிமுறையில், மேலான வாய்ப்பைத் தக்கவைத்துக்கொள்பவர் மற்றதை அப்போதே விடுவிக்கிறார். விடுவிக்கப்பட்டவர் உடனே அடுத்தவரை நாட முடிகிறது. வேண்டாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், வரிசையில் அடுத்து நிற்பவரின் வாய்ப்பும் சேர்ந்து முடங்குகிறது.

மாணவி முதலில் தொலைபேசியில் பேசினார். பிறகு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டும் தேவை. பேச்சு மரியாதைக்கு, மின்னஞ்சல், ஆலோசகர் நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பிவைப்பதற்கு. அதில் இருந்தவை நான்கு வாக்கியங்கள்தாம்:

'வியாழக்கிழமை நேர்காணலை ஏற்பாடு செய்தமைக்கு நன்றி. வேறொரு பணிவாய்ப்பை இன்று ஏற்றுக்கொண்டுள்ளேன். எனவே, இந்தத் தேர்விலிருந்து விலகுகிறேன். தேர்வுக் குழுவினருக்கு என் நன்றியையும் வருத்தத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்ற விவரங்கள் அதில் இல்லை. அவற்றைச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. 'தற்போதைக்கு', 'தள்ளிவைக்க இயலுமா' போன்ற சொற்களையும் தவிர்க்கச் சொன்னேன். அவை மறுப்பைப் பேரமாக்கிவிடும். காய்ச்சல் என்ற பொய்யோ இன்னும் மோசம். அதற்குக் கிடைக்கும் பதில் வேறொரு தேதிதான். ஆலோசகரைத் தாண்டி நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுவதும் முறையன்று. நிறுவனமே நேரடியாக அழைத்திருந்தால், அழைத்த அலுவலருக்கே எழுதலாம்.

எதிர்பார்த்தபடியே ஆலோசகர், 'நேர்காணலுக்கு மட்டும் வந்து பாருங்கள், கூடுதலாகத் தருவார்கள்' என்றார். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கையொப்பமிட்ட பிறகு இன்னொரு விலை கேட்கப் போவது, இரு நிறுவனங்களையும் ஒருங்கே ஏமாற்றுவதாகும். சேருவதற்கு முன் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலம் இருப்பதால் இந்தச் சபலம் நம் நாட்டில் நீளவும் செய்கிறது. மேலான வாய்ப்பு வரக்கூடும் என்று மெய்யாகவே கருதினால், கையொப்பமிடும் முன்பே ஓரிரு நாள் அவகாசம் கேட்பதுதான் நேர்மை. மாணவி, 'வாக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று முடித்துக்கொண்டார்.

பின்னர், தம் தோழி ஒருவரின் சம்மதம் பெற்று, அவரது விவரங்களை ஆலோசகருக்கு அனுப்பினார். புதன்கிழமை முழுவதும் கையிலிருந்ததால், வியாழக்கிழமை 11 மணிக்கு அத்தோழியே நேர்காணலுக்குச் சென்றார். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஆயினும், அடுத்த மாதமே வேறொரு பணியிடம் குறித்து அதே ஆலோசகர் அத்தோழியை அழைத்தார். மாணவியின் நலத்தையும் விசாரித்தார்.

விலகியதற்காக அவர் வருந்தியிருக்கலாம். ஆனால், வியாழக்கிழமை காலை ஒரு வெற்று நாற்காலிக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.