முயற்சியை நிறுத்துவதில் தொடங்கும் சிகிச்சை

கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து, குழந்தை இல்லை என்று மருத்துவரிடம் வரும் தம்பதிகளில் சிலருக்குப் பரிசோதனைகளில் எந்தக் குறையும் தெரியாது. “சேர்ந்துதானே இருக்கீங்க?” என்று மருத்துவர் கேட்பார். “ஆமாங்க டாக்டர்” என்று இருவரும் தலையாட்டுவார்கள். உள் பரிசோதனைக்குப் படுக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரியவரும். அந்தப் பெண்ணின் தொடைகள் இறுகி ஒட்டிக்கொள்ளும், இடுப்பு மேசையைவிட்டு எழும்பும், கை தானாக நீண்டு மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டால், இதுவரை ஒருமுறைகூட முழுமையான உறவு நடக்கவில்லை என்பாள். “உள்ளே வழியே இல்லாத மாதிரி இருக்கு” என்பாள்.

வழி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசைகள்தான் மூடிக்கொள்கின்றன. சிறுநீரை அடக்கும்போது நாம் இறுக்குகிறோமே, அதே இடுப்புத் தளத் தசைகள். உறவுக்கு முயலும்போதும், சிலருக்கு விரலோ ஸ்கேன் கருவியோ நெருங்கும்போதும் அவை அவளைக் கேட்காமலே இறுகிவிடுகின்றன. கண்ணுக்கு நேரே ஏதாவது பாய்ந்து வந்தால் இமை மூடிக்கொள்வதைப் போன்ற தற்காப்பு இது. இந்த நிலைக்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர்.

இதில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பெண்ணின் ஆசைதான். கணவன்மேல் அன்பும் விருப்பமும் உள்ள பெண்ணுக்கும் இது வரும். தொடுதலில் இன்பம் காண்பவள், உச்சம்கூட அடைபவள், உள்ளே நுழைக்க முயலும் அந்தக் கணத்தில் மட்டும் இறுகிப்போவாள். அவளைப் பார்த்து “ஒத்துழைக்க மாட்டேங்கிறா” என்று சொல்வது அநியாயம். காரணமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்குச் சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை, சிலருக்குக் கடுமையாகச் செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனை, சிலருக்கு முதலிரவில் ரத்தம் கொட்டும், உயிர் போகிற வலி வரும் என்று தோழிகள் சொன்ன கதைகள். எந்தக் காரணமும் அகப்படாதவர்களும் உண்டு.

எப்படித் தொடங்கினாலும் பிறகு அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. பயத்தால் தசை இறுகுகிறது. இறுகிய தசையை அழுத்தினால் எரிச்சலும் வலியும் வருகின்றன. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. சில மாதங்களில், கணவன் படுக்கையில் பக்கம் திரும்பினாலே உடம்பு விறைக்கிறது. “கொஞ்சம் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கோ, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் யோசனை கெடுதல் செய்வது இதனால்தான். பொறுத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பயம் நியாயமானது என்று உடம்புக்கு உறுதியாகிறது.

கத்தியும் இதற்கு விடையல்ல. 1860களில் இதற்குப் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் ஜே. மரியன் சிம்ஸ், கன்னித்திரையை அகற்றி, யோனியின் வாயைக் கீறி விரித்துச் சிகிச்சை செய்தார். பெரும்பாலான பெண்களுக்கு யோனி இயல்பான அளவில்தான் இருக்கிறது. கோளாறு அளவில் இல்லாதபோது கீறி என்ன பயன்? ஆனால் எல்லா வலியும் வஜைனிஸ்மஸ் அல்ல என்பதையும் மருத்துவர் கவனிக்க வேண்டும். தடித்த கன்னித்திரை, யோனிக்குள் பிறவியிலேயே இருக்கும் தடுப்புச் சவ்வு, தொற்று, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி வைத்தியம் உண்டு. ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாயிலைச் சுற்றி மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த லேசான தொடுதலுக்கே சுரீரென்று வலித்தால், அங்குள்ள தோலிலும் நரம்புகளிலும் தனிப் பிரச்சினை இருக்கலாம். வலியும் பயமும் பல பெண்களிடம் பின்னிக் கிடப்பதால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013 முதல் இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது.

சிகிச்சை எப்படிப் போகும்? பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஒரு பெண்ணாக்கிச் சொல்கிறேன். வயது 27, பள்ளி ஆசிரியை, கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் நாள் மருத்துவர் அவளைத் தொடவே இல்லை. படம் வரைந்து தசைகளைக் காட்டினார். பிறகு கணவனையும் அழைத்து, மறுபடி சொல்லும்வரை உறவுக்கு முயலவே கூடாது என்றார். அணைப்பு, முத்தம், தொடுதல் எல்லாம் இருக்கலாம்; உள்ளே நுழைப்பது மட்டும் கூடாது. அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு அவளால் பயமில்லாமல் கணவன் பக்கத்தில் படுக்க முடிந்தது.

அடுத்து மூச்சுப் பயிற்சி. வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுக்கும்போது இடுப்புத் தளம் சற்றுக் கீழிறங்கித் தளரும். சிறுநீரை அடக்குவதுபோல ஒரு கணம் இறுக்கி, உடனே முழுக்கத் தளர்த்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும். இறுக்கும் பயிற்சியை மட்டும் நாள் முழுக்கச் செய்யும்படி பலர் யோசனை சொல்வார்கள். இவளுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி.

பிறகு கண்ணாடி வைத்துத் தன் உறுப்பைப் பார்த்தாள். அதற்கே அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. வெளியே தொட்டுப் பழகி, ஜெல் தடவிய தன் சுண்டுவிரலின் நுனியை வைத்தாள். தசை இறுகியதும் விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. மூச்சு விட்டபடி அங்கேயே நிறுத்திக் காத்திருந்தாள். சிறிது நேரத்தில் தசை தானே விட்டுக்கொடுத்தது. சிகிச்சையின் மையம் இந்தக் காத்திருப்புதான். அதன்பின் டைலேட்டர்: வழவழப்பான குழல்கள், விரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். ஒன்று சிரமமில்லாமல் போகத் தொடங்கியதும் அடுத்தது. வலித்தால் முந்தைய அளவுக்குத் திரும்பலாம், அது தோல்வியல்ல. அவள் மூன்றாவது அளவில் வாரக்கணக்கில் நின்றுபோனாள். ஒரு பிசியோதெரபிஸ்ட் உதவிய பிறகே நகர்ந்தாள்.

கடைசிப் படிகளில் கணவன் சேர்ந்துகொண்டான். முதலில் அவன் விரல், அதையும் தன் கையால் வழிநடத்தியவள் அவள்தான். பிறகு உறவு. அவள் மேலிருந்து, வேகத்தையும் ஆழத்தையும் தானே முடிவுசெய்தாள். முதல் தடவை அசைவே இல்லை, உள்ளே இருப்பது மட்டும். “போதும்” என்றதும் அவன் விலகிவிட வேண்டும் என்பது முன்பே பேசி வைத்த விதி.

படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளும் இந்த முறையை நெதர்லாந்தில் 70 பெண்களிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே பயிற்சியை மருத்துவமனையிலேயே, சிகிச்சையாளர் உடனிருக்க, பெண் தானே செய்தாள். சிகிச்சை பெற்ற 35 பேரில் 31 பேருக்கு உறவு கைகூடியது. காத்திருந்த 35 பேரில் 4 பேருக்குத்தான். வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்கு மாதங்கள் ஆகலாம். பாலியல் கொடுமையின் நினைவு துரத்தினால் மனநல ஆலோசனை முதலில் வேண்டும். எதற்கும் தளராத தசைக்குச் சில மருத்துவர்கள் போடாக்ஸ் ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகும் டைலேட்டர் பயிற்சி தேவை. இத்தனை மாத இழுபறியில் கணவனுக்கு விறைப்புக் குறைவு வந்திருப்பதும் உண்டு, அவனையும் பரிசோதிக்க வேண்டும்.

குழந்தைக்கு அவசரப்படுகிறவர்களுக்கு, உறவு கைகூடும் முன்பே கருத்தரிக்கவும் வழிகள் உண்டு. அதை மருத்துவரிடம் தனியாகப் பேசலாம், ஆனால் அதனால் இந்தப் பயம் தீராது. முதல் சந்திப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இன்றைக்கே உள் பரிசோதனை அவசியமா, நான் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவீர்களா? இரண்டாவது கேள்விக்குத் தயக்கமில்லாமல் “நிறுத்துவேன்” என்று சொல்லாதவரிடம் பரிசோதனைக்குப் படுக்க வேண்டாம், வேறு மருத்துவரைப் பாருங்கள்.