பல்லைக் கடித்தால் தாடை பெருக்கும்!

பென்னாகரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து தர்மபுரிக்கு வந்து, நூலகத்தில் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மதியத் தூக்கம் கண்ணைச் சுழற்றக் கூடாதென்று வாயில் எப்போதும் ஒரு சூயிங் கம். கணக்குப் போடும்போது தன்னை அறியாமலே பல்லை இறுகக் கடிப்பார். ஒரு வருடம் கழித்து அக்கா கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், உடம்பு ஏறவில்லை, ஆனால் முகம் மட்டும் கீழே சதுரமாகத் தெரிகிறது. "வெயிட் போட்டுட்டியாடி?" என்று கேட்கிறார் அத்தை. வெயிட் இல்லை. அது தசை.

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று உருண்டு கெட்டியாகும். அதுதான் மாசெட்டர், உணவை அரைக்கும் தசை. தினமும் தம்புள்ஸ் தூக்கினால் புஜம் திரள்வது போல, ஓயாமல் வேலை கொடுத்தால் இதுவும் திரளும்.

மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தாலும் நாம் மெல்லும் நேரம் ஒரு மணிக்குள்தான் இருக்கும். அதுவும் நம்ம ஊர் ராகிக் களியை மெல்லவே கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். அந்தப் பெண் ஒரு நாளில் மூன்று கம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் மென்றால், சாப்பாட்டு நேரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலான நேரம் தாடைக்குக் கூடுதல் வேலை சேர்கிறது. சாப்பிட்டபின் பத்து நிமிடம் கம் மென்றால் ஒன்றும் ஆகிவிடாது. 'ஷார்ப்பான தாடை' கிடைக்கும் என்று கெட்டியான கம் வாங்கி மணிக்கணக்கில் மெல்லும் பையன்களுக்கும் வளர்வது இதே தசைதான். எலும்பின் வடிவம் மாறாது.

கம்மைவிடப் பெரிய காரணம் கடிக்கும் பழக்கம். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். வண்டி ஓட்டும்போது, செல்போன் பார்க்கும்போது, கோபத்தை அடக்கும்போது நாம் கடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களும் உண்டு. காலையில் தாடை வலி, நெற்றிப் பொட்டில் தலைவலி, நாக்கு ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, தேய்ந்து தட்டையான பல் முனை என்று இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் சந்தேகப்படலாம்.

மாற்றும் வழி சுலபம், நினைவில் வைப்பதுதான் கஷ்டம். 'ன்' என்று மெல்லச் சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும், பற்கள் விலகியிருக்கும். உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். தாடை ஓய்வெடுக்கும் நிலை இதுதான். போன் அடிக்கும்போதெல்லாம், புத்தகத்தில் பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒருமுறை 'ன்' சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் எத்தனை முறை கடித்துக்கொண்டிருந்தோம் என்று பார்த்துத் திகைத்துப் போவீர்கள். இரவில் வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, கன்னத்தசையை விரலால் வட்டமாக நீவிவிட்டால் இறுக்கம் குறையும். நீவுவதால் தசை கரைந்துவிடாது. வேலை குறைந்தால்தான் அது இளைக்கும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் எந்தப் பக்கம் மெல்லுகிறோம் என்று கவனியுங்கள். மறுபக்கத்தில் ஒரு சொத்தைப் பல் இருக்கலாம். இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இரண்டு பக்கமும் மெல்வது கஷ்டம். தூக்கத்தில் கடிப்பவர்களுக்கு பல் டாக்டர் அளவெடுத்து 'நைட் கார்ட்' செய்து தருவார். அது பல்லைக் காக்கும், ஆனால் முகம் ஒல்லியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரலாம்; நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போடோக்ஸ் ஊசியும் இதற்குப் போடப்படுகிறது. தசை மெல்ல இளைத்து முகம் மாறச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். ஆறு மாதம் போல நிற்கும், பழக்கம் மாறாவிட்டால் மறுபடி பெருக்கும். ஊசி இடம் மாறினால் சிரிப்பு கோணலாகலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

எல்லா அகல முகமும் தசையால் வருவதில்லை. பிறவி எலும்பாகவோ கொழுப்பாகவோ இருந்தால், கடிக்கும்போது விரலுக்கடியில் பெரிதாக எதுவும் திரளாது. கடித்தாலும் கெட்டியாகாத வீக்கம், ஒரு பக்கம் மட்டும் வளரும் கட்டி, சாப்பிடும் நேரத்தில் வலித்து வீங்குவது, வாயைத் திறக்க முடியாமை என்றிருந்தால் அது உமிழ்நீர்ச் சுரப்பியாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம். அதற்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.