கூட்டலா, கழித்தலா?

மூன்றாம் வகுப்பு ஆங்கில வழிக் குழந்தையிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள்: 24 மாம்பழங்களை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? புத்தகத்தில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறாமல் வாசிப்பாள். பிறகு, "இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்பாள். வகுத்தல் தெரியாமல் இல்லை. அதே கணக்கைத் தமிழில் சொன்னால் "நாலு" என்று உடனே சொல்லிவிடுவாள். 'ஷேர்', 'ஈக்வலி' என்ற சொற்கள்தான் அவளை நிறுத்தின.

வாசிப்பது வேறு, புரிவது வேறு. வீட்டில் ஆங்கிலம் புழங்காத குழந்தைக்கு இந்த இடைவெளி நாலைந்து ஆண்டுகள் நீளலாம். படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அப்போது தெரிந்துவிடும். புரியாதவள் வகுப்பில் கேள்வி கேட்க மாட்டாள். ஆசிரியர் எழுதிப்போட்டதை மனப்பாடம் செய்வாள். மதிப்பெண் வரும் என்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கவலைப்படுத்துவது இந்த மௌனம்தான்.

தமிழ் வழியில் வரும் சிக்கல் கல்லூரியில் காத்திருக்கிறது. பொறியியல் முதலாண்டில் 'விசை' என்று படித்தவன் 'ஃபோர்ஸ்' என்று கேட்டுத் திகைப்பான். பாடம் தெரிந்திருப்பதால் சொற்களைப் பிடித்துவிடலாம்; ஆனால் ஆங்கிலத்தை ஒரு பாடமாகவாவது பேசப் பழக்கியிருக்க வேண்டும். பல பள்ளிகள் அதைச் செய்வதில்லை.

அரசு வேலை பற்றி ஒரு தகவல். தமிழக அரசின் நேரடி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பில் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கு.